மலச்சிக்கலுக்கு புது மாத்திரை: குடலுக்குள் தண்ணீர் வர வைப்பது எப்படி? யாருக்குத் தருவாங்க?

இசப்கோல் குடிச்சாச்சு, லாக்டுலோஸ் சிரப்பும் பார்த்தாச்சு. இன்னும் வாரத்துக்கு இரண்டு தடவைதான் போகுது. இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் எழுதும் சீட்டில் சில நேரம் லினாக்ளோடைட், லூபிப்ரோஸ்டோன் என்ற பெயர்கள் இருக்கும். இது என்ன மருந்து?

பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?

லாக்டுலோஸ் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே கீழே போய், தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். புது மருந்துகளோ குடல் சுவரையே தண்ணீர் சுரக்க வைக்கின்றன. லினாக்ளோடைட் குடலின் உள்சுவர் செல்களில் ஒட்டியதும், அந்த செல்கள் குளோரைடு உப்பை குடலுக்குள் விடும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். மலம் இளகி நகரும். மருந்து ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலை கிருமியின் நச்சும் இதே இடத்தில்தான் ஒட்டும். அதனால், இந்த மருந்தின் முக்கியமான பக்கவிளைவே வயிற்றுப்போக்குதான் என்பதில் ஆச்சரியம் இல்லை.

எப்போது இந்த மருந்து?

உதாரணத்துக்கு, 45 வயதுப் பெண் ஒருவர், ஒரு வருஷத்துக்கும் மேலாக மலச்சிக்கல், கூடவே வயிற்று வலி என்று வருகிறார். டாக்டர் உடனே இதை எழுத மாட்டார். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எடுக்கிறாரா, தைராய்டு குறைவா என்று பார்ப்பார். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் முதலில் பரிசோதனைதான். மலம் இளகியிருந்தும் முக்க வேண்டியிருந்தால் பிரச்சினை இடுப்புத் தசையில் இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரை தீர்வு இல்லை, தசைப் பயிற்சி வேண்டும்.

அடுத்து, பழைய மருந்துகளை ஒழுங்காக எடுத்தாரா? நாலு நாள் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு 'கேட்கலை' என்று சொன்னால் அது கணக்கில் வராது. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், மலச்சிக்கலோடு வரும் எரிச்சல் குடல் நோய்க்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெவ்வேறு வகை மலமிளக்கிகளைத் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு வரை எடுத்தும் பலனில்லை, மலச்சிக்கல் 12 மாதமாவது இருக்கிறது என்றால்தான் லினாக்ளோடைட். 3 மாதம் கழித்து மறுபடி பார்க்கணும்.

எப்படி எடுக்கணும்?

லினாக்ளோடைட் வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு. சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப்போக்கு கூடும். லூபிப்ரோஸ்டோன் நேர் எதிர்: குமட்டல் வரும் என்பதால் சாப்பாட்டோடு எடுக்கணும்.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். அது கடுமையாகி, தலைசுற்றல், சிறுநீர் குறைவு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகணும். குடல் அடைப்பு இருப்பவர்களுக்கு இந்த மருந்துகள் கூடவே கூடாது. வீட்டில் இருக்கும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு லினாக்ளோடைட் ஆபத்தானது, கைக்கு எட்டாமல் வையுங்க.