விரல் நின்ற இடங்கள்

கல்லூரி ஒன்றின் வளாக வரைபடத்தை, அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்கள். சேர்க்கை நாளன்று வாசலிலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் தருவதாகத் திட்டம். திரையில் பளிச்சென்று இருந்தது: பச்சைப் புல்வெளி, செங்கல் நிறக் கட்டிடங்கள், நடந்துபோகும் வழி சிவப்புப் புள்ளிக்கோட்டில். ஆனால் வரைபடத்தைத் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்தேன். கட்டு தீர்ந்துபோனால் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துத்தானே கொடுப்பார்கள்? அதனால் கறுப்பு வெள்ளையில் ஒரு நகலும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அந்த வளாகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"அக்கா, நீங்க மெயின் கேட்ல நிக்கிறீங்க. கட்டணப் பிரிவுக்குப் போகணும். போற வழிய விரலால காட்டுங்க."

அவர் முதலில் குறிவிளக்கப் பட்டியலுக்குப் போனார். ஒன்றிலிருந்து 38 வரை எண்கள்; ஒவ்வொன்றின் எதிரே கட்டிடத்தின் பெயர். மேலிருந்து படித்துக்கொண்டே வந்து 26-இல் கட்டணப் பிரிவைப் பிடித்தார். அடுத்து, படத்தில் 26 எங்கே? 25-க்கும் 27-க்கும் பக்கத்தில் தேடினார். அங்கே இல்லை. கட்டிடங்கள் கட்டப்பட்ட வரிசையில் எண் போட்டிருந்தார்கள். 26 இருந்ததோ 4-க்கு அருகில்.

இந்தப் பட்டியல் தலைகீழாக அமைந்துவிட்டது. வருகிறவர் கையில் இருப்பது பெயர். அவருக்குத் தெரியாதது இடம். ஆகவே பட்டியல் பெயர்களின் அகரவரிசையில் இருக்க வேண்டும். படத்தின் மேல் மெல்லிய கட்டங்கள் போட்டு, பெயருக்கு எதிரே 'இ3' என்பதுபோலக் கட்டத்தைக் குறித்துவிட்டால் முழுத் தாளையும் துழாவ வேண்டாம். எல்லோரும் தேடும் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு எண்ணே வேண்டாம், பெயரைக் கட்டிடத்தின் மேலேயே எழுதிவிடலாம் என்று குறித்தேன்.

பெயர் எழுதுவதிலும் ஒரு சிக்கல் காத்திருந்தது. 'நூலகம்' என்ற சொல் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் நின்றது, எது நூலகம்? எட்வர்ட் இம்ஹோஃப் என்ற சுவிட்சர்லாந்து வரைபடவியலாளர் 1962-இல் பெயர் அமைக்கும் முறைகளை விரிவாக எழுதினார். ஒரு பெயர் எதற்கு உரியது என்பதில் ஐயமே எழக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. கட்டிடத்துக்குள் பெயர் அடங்கினால் உள்ளே போடலாம். அடங்காவிட்டால் அதை ஒட்டி, அடுத்த கட்டிடத்திலிருந்து நன்றாக விலக்கிப் போட வேண்டும்.

தமிழில் இதற்குக் கூடுதல் இடம் தேவை. 'இயந்திரவியல் துறை' சிறிய பெட்டிக்குள் அடங்காது. இரண்டு வரியாக்கினால் வரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அடங்க வைப்பதற்காக வரைந்தவர் எழுத்தை 5 புள்ளி அளவுக்குக் குறைத்திருந்தார். ஜெராக்ஸில் மெய்யெழுத்துகளின் புள்ளி பல இடங்களில் காணாமல் போயிருந்தது. 'கி'யும் 'கீ'யும் ஒன்றாகத் தெரிந்தன. 8 புள்ளிக்குக் குறையாமல் வைக்கச் சொன்னேன். பெயரின் குறுக்கே சாலைக்கோடு ஓடினால், எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்தால் போதும்.

அந்த ஜெராக்ஸ் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. படத்தில் முதலில் கண்ணில் பட்டது மதில் சுவர். அது ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்புக் கோடு. சாலையின் ஓரக்கோடு அரை மில்லிமீட்டர். நடைவழியும் அதே அரை மில்லிமீட்டர். நிறம் போனதும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத கண்களுக்கு, வண்ணத் தாளிலும்கூடப் புல்வெளி மேல் போகும் அந்தச் சிவப்புக் கோடு மங்கித்தான் தெரியும். கோட்டின் கனம் எது முக்கியம் என்று சொல்ல வேண்டும். மதில் கால் மில்லிமீட்டர் சாம்பல், சாலை ஓரம் அரை மில்லிமீட்டர், வழிக்கோடு ஒன்றேகால் மில்லிமீட்டர், தாளிலேயே கருமையானது என்று மாற்றினோம். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ இரண்டு மடங்காவது வித்தியாசம் வேண்டும். அரைக்கும் அரையே சொச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் கணக்கில் கொள்ளாது.

வழிக்கோடு கட்டணப் பிரிவின் பின்சுவரில் போய் முட்டி நின்றது. வாசலோ மறுபக்கம்! அதை வாசல்வரை நீட்டி, வாசலில் சின்ன முக்கோணம் வைத்தோம். கல்லூரிப் பேருந்து போகும் தடம் நடைவழியின் மேலேயே ஏறி அதை மறைத்த இடத்தில் இரண்டையும் அருகருகே பிரித்தோம்.

இதே படத்தைப் பலகைகளாக்கி நாலு இடத்தில் நிறுத்தவும் எண்ணியிருந்தார்கள். தாளைத் திருப்பிப் பிடிக்கலாம். பலகையைத் திருப்ப முடியாது. பலகை முன் நிற்பவருக்கு நேரே இருப்பது படத்தில் மேலே வர வேண்டும், ஆகவே நாலுக்கும் தனித்தனியாகத் திருப்பிய படம் தேவை என்று எழுதிக் கொடுத்தேன்.

திருத்திய தாளுடன் மறுபடி அக்காவிடம் போனேன். பட்டியலில் பெயர், கட்டம், வழி என்று விரல் சரசரவென நகர்ந்து, மூன்று சாலைகள் பிரியும் வட்டத்தில் நின்றது.

"இந்த எடத்துல எனக்கு என்ன தெரியும்பா? எதப் பாத்துத் திரும்புறது?"

அங்கே உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. பார்வையாளர் தேடிப்போகும் இடமில்லை என்று அதை வரையாமல் விட்டிருந்தார்கள். வட்டத்தின் ஓரத்தில் அதை வரைந்து, பெயரையும் எழுதி அச்சுக்கு அனுப்பினோம்.