பெரிய கட்டியை விட்டுவிட்டு சின்னதில் ஏன் ஊசி?

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட் இது என்று வைத்துக்கொள்வோம். தைராய்டில் இடது பக்கம் 2.6 செ.மீ. கட்டி, வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி. ரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு சரியாக இருக்கிறது. டாக்டரோ வலது பக்கத்துக்கு மட்டும் ஊசிப் பரிசோதனை எழுதித் தருகிறார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழப்பம். பெரியதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

கட்டியின் அளவை விட அதன் தோற்றம்தான் அதிகம் சொல்கிறது. தோற்றத்துக்கு மதிப்பெண் போடும் முறைக்கு 'டைராட்ஸ்' என்று பெயர். பல நாடுகளில் பல வடிவங்கள் உண்டு. அமெரிக்கக் கதிரியக்க நிபுணர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்டதை இங்கே எடுத்துக்கொள்வோம். கட்டிக்குள் இருப்பது நீரா சதையா, ஸ்கேனில் எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது, வடிவம் என்ன, ஓரம் எப்படி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் உண்டா என்று ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்.

இடது பக்கக் கட்டி முழுக்கச் சின்னச் சின்ன நீர்ப்பைகள், பஞ்சு போல. அதற்கு மதிப்பெண் பூஜ்யம். இப்படிப்பட்ட கட்டியில் புற்றுநோய் இருப்பது மிக அரிது என்பதால், எத்தனை பெரிதானாலும் புற்றுநோய்க்காக ஊசி போட வேண்டியதில்லை. விழுங்கச் சிரமமாக இருந்தால் அது வேறு சிகிச்சை.

வலது பக்கக் கட்டி முழுவதும் சதை: 2 மதிப்பெண். சுற்றியுள்ள தைராய்டை விடக் கறுப்பு: இன்னொரு 2. ஓரம் வழவழப்பு, புள்ளிகள் இல்லை, அகலம்தான் அதிகம். இவற்றுக்கு எதுவும் இல்லை. மொத்தம் 4, அதாவது நான்காம் பிரிவு. இந்தப் பிரிவில் 1.5 செ.மீ.யைத் தொட்டால் ஊசி. 1.2 ஆக இருந்திருந்தால் அவ்வப்போது ஸ்கேன் மட்டும் போதும். இதே கட்டி அகலத்தை விட உயரமாக, அதாவது தோலிலிருந்து உள்நோக்கி நீண்டு வளர்ந்திருந்தால் கூடுதலாக 3 சேர்ந்து 7 ஆகி ஐந்தாம் பிரிவுக்குப் போயிருக்கும். அங்கே 1 செ.மீ.யிலேயே ஊசி.

கண்ணில் பட்ட கட்டியையெல்லாம் குத்தினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தென்கொரியாவில் ஸ்கேன் பரவலான பிறகு, 1993-ஐ விட 2011-இல் தைராய்டு புற்றுநோய் சுமார் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. ஆயுள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத புற்றுகளுக்காகப் பலர் தைராய்டை இழந்து, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

பரிசோதனை எளியதுதான். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் சில முறை செலுத்தி செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பார்கள். முடிவை 'பெதஸ்டா' முறையில் ஆறு பிரிவுகளாக எழுதுவார்கள். முதல் பிரிவைத்தான் நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதற்கு 'நோய் இல்லை' என்று பொருளல்ல. படிக்கப் போதுமான செல்கள் வரவில்லை என்றுதான் பொருள். பொதுவாக, பத்துப் பத்து செல்களாவது கொண்ட ஆறு கொத்துகள் வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஊசி. இரண்டு சாதாரணக் கட்டி, ஐந்து பலத்த சந்தேகம், ஆறு புற்றுநோய்.

நம் பெண்ணுக்கு வந்தது மூன்று. செல்கள் கொஞ்சம் மாறித் தெரிகின்றன, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் பிரிவில் புற்றுநோய்க்கான வாய்ப்பு சராசரியாக 22 சதவீதம் என்கிறது 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு. அது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்துப் போட்ட கணக்கு. சந்தேகம் அதிகமுள்ளவர்களைத்தானே அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே உண்மை அளவு அதற்குக் கீழேதான் இருக்கும். பெரும்பாலும் சில மாதம் கழித்து மறுபடி ஊசி போடுவார்கள். வசதியுள்ள இடங்களில் மரபணுப் பரிசோதனையும் உண்டு.

நான்கு வந்திருந்தால் கதை வேறு. ஃபாலிகுலர் வகைக் கட்டியில் சாதாரணக் கட்டியின் செல்லும் புற்றின் செல்லும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கட்டியின் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். ஊசியில் வருவது தனித்தனி செல்கள். உறை அதில் வராது. எத்தனை கைதேர்ந்த நிபுணர் பார்த்தாலும் விடை கிடைக்காது என்பதால், பல சமயம் தைராய்டின் அந்தப் பாதியை எடுத்து, உறையைச் சுற்றிலும் வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவருக்கு இரண்டாவது ஊசியில் இரண்டாம் பிரிவு வந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஓரிரு வருடத்தில் மறு ஸ்கேன். அப்போது 1.8 என்பது 1.9 ஆகியிருந்தால் பதற வேண்டாம். அளப்பவரின் கை மாறினாலே அந்த வித்தியாசம் வரும். இரண்டு பக்க அளவிலாவது 20 சதவீதமும், குறைந்தது 2 மி.மீ.யும் கூடியிருந்தால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். அதைச் சரியாக ஒப்பிட ரிப்போர்ட் மட்டும் போதாது. பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.