நல்ல தமிழில் வாசித்தார்கள், மாமிக்கு விளங்கவில்லை

கடந்த வருடம், 2025 மே மாதத்தில் ஒரு மாலை, வடமராட்சி கிழக்கில் இருக்கும் மாமி வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசித்த பெண்ணின் உச்சரிப்பு அருமையாக இருந்தது. ளகரமும் ழகரமும் பிசகவில்லை. அவர் வாசித்த ஒரு செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

“காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் கடந்த மார்ச் மாதம் 28ஆம் திகதி வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தலின் பிரகாரம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் அடையாளப்படுத்தப்பட்டுள்ள காணிகளுக்கு மூன்று மாத காலத்திற்குள் உரிமை கோரப்படாத பட்சத்தில் அவை அரச காணிகளாகப் பிரகடனப்படுத்தப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது.”

மாமி கடைசி வரை கவனமாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “நல்ல தமிழா வாசிக்கிறா பிள்ளை. ஆனா எங்கடை காணிக்கு என்னவாம்?” என்றார். மாமியின் காணி உறுதி 2004 சுனாமியோடு போய்விட்டது. அந்தச் செய்தியை விளங்கிக்கொள்ள வேண்டிய ஆட்களில் அவர் முதல் வரிசையில் இருந்தார். அந்த வர்த்தமானியை உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் இடைநிறுத்தியது வேறு கதை. ஆனால், அன்று மாலை மாமியிடம் இருந்தது கிட்டத்தட்ட ஒரு மாத அவகாசம் மட்டுமே. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

செய்தியை எழுத்துத் தமிழில் வாசிப்பதா, பேச்சுத் தமிழில் வாசிப்பதா என்ற விவாதம் ஊடகக் கற்கை வகுப்பில் எங்களுக்குள் அடிக்கடி வரும். பேச்சுத் தமிழுக்கு மாறினால் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்றுதான் நானும் அப்போது வாதாடினேன். மாமி வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு அதைச் செய்து பார்த்தேன். அதே செய்தியை யாழ்ப்பாணப் பேச்சில் எழுதினேன்:

“வடக்கில நாலு மாவட்டத்தில கொஞ்சக் காணியளை அரசாங்கம் குறிச்சிருக்கு. மூண்டு மாதத்துக்குள்ள போய் ‘இது என்ரை காணி’ எண்டு சொல்லாட்டி, அதை அரசாங்கக் காணி ஆக்கிப்போடுவினம்.”

மாமிக்கு உடனே விளங்கியது. ஆனால், சிரித்தார். “இது செய்தி மாதிரி இல்லை, சந்தையில கதைக்கிற மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “உண்மையாத்தானோ?” என்று கேட்டார். தொலைக்காட்சியில் வந்ததை அவர் விளங்காமலே நம்பினார். நான் சொன்னதை விளங்கியும் சந்தேகித்தார்.

இந்தச் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கி பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை அது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதெல்லாம் ‘தெரிவிக்கப்படுகின்றது’ என்று முடியும் குரலில்தான் வந்தன. பேச்சுத் தமிழ் வானொலியில் வந்தது பெரும்பாலும் நாடகத்தில், அதுவும் சிரிப்பு நாடகத்தில். ‘கோமாளிகளின் கும்மாளம்’ 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. அதில் ஆளுக்கொரு பேச்சு வழக்குத்தான் சிரிப்பின் பாதி. ஆகவே எழுத்துத் தமிழ் என்றால் செய்தி, ஊர்ப் பேச்சு என்றால் பகிடி என்று நம் காது பழகியிருக்கிறது.

இதே பேச்சு வடிவத்தை மட்டக்களப்பில் இருக்கும் நண்பி ஒருத்திக்குத் தொலைபேசியில் வாசித்தேன். “ஆக்கிப்போடுவினம்” என்ற இடத்தில் அவள் நிறுத்தினாள். “இது யாழ்ப்பாணச் செய்தி. எங்களுக்கு இல்ல” என்றாள். கிளிநொச்சியில் குடியிருக்கும், மலையகத்தில் இருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அண்ணாவும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். நான் ‘சொல்லியிருக்கினம்’ என்று எழுதினால் அவர் ‘சொல்லியிருக்காங்க’ என்பார். இரண்டுக்கும் பொதுவான பேச்சு வடிவம் ஒன்று இலங்கையில் இல்லை. சில தனியார் அலைவரிசைகள் பேச்சுத் தமிழ் என்ற பெயரில் தமிழ்நாட்டுத் தொகுப்பாளர்களின் பேச்சைப் பேசும்போது மூன்று இடத்து ஆட்களுமே முகம் சுளிப்பது இதனால்தான். எழுத்துத் தமிழ் யாருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. அதனாலேயே அது எந்த ஊரையும் வெளியே நிறுத்துவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று வினைமுற்றுக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘வந்திருக்கினம்’ என்றால் மரியாதை, அல்லது குறைந்தபட்சம் பகையில்லை. ‘வந்திருக்கிறாங்கள்’ என்றால் அந்த ஆட்களை நான் மதிக்கவில்லை. பொலிஸார் ஒரு வீட்டைச் சோதனையிட்ட செய்தியை ஒருவர் பேச்சுத் தமிழில் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வந்தவை’ என்றால் ஒரு பக்கம் கோபிக்கும். ‘வந்தவங்கள்’ என்றால் மறுபக்கம் கோபிக்கும். ‘ஆக்கிப்போடுவினம்’ என்பதில் உள்ள ‘போடு’வும் அப்படித்தான், நடக்கப்போவது கெட்டது என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. எழுத்துத் தமிழின் ‘வந்துள்ளனர்’ எந்தப் பக்கமும் சாயாது. பேச்சுத் தமிழில் செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு வினையிலும் தன் நிலைப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கும். போரைக் கடந்து வந்த சமூகத்தில் இது சின்ன விடயம் அல்ல.

அப்படியென்றால் மாமிக்கு விளங்காமல் போனது ஏன்? முதல் வடிவத்தைத் திரும்பப் பாருங்கள். அதில் 36 சொற்கள், ஒரே வாக்கியம். தமிழில் முக்கியமான வினை கடைசியில் வருவதால், கேட்பவர் அதுவரை வந்த எல்லாவற்றையும் நினைவில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பத்திரிகையில் என்றால் கண் பின்னே போய்த் திரும்ப வாசிக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. வெளியிடப்பட்ட, அடையாளப்படுத்தப்பட்டுள்ள, கோரப்படாத, பிரகடனப்படுத்தப்படும், அறிவிக்கப்பட்டுள்ளது என்று ஐந்து செயப்பாட்டு வினைகள். வெளியிட்டது யார், அடையாளப்படுத்தியது யார், உரிமை கோர வேண்டியது யார் என்று ஓரிடத்திலும் இல்லை. உரிமை கோர வேண்டியவர் மாமி. அவர் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை.

இப்படிப்பட்ட வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்பது செய்தி மேசையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் ஊடக அறிக்கை அவசரமாக மொழிபெயர்க்கப்படும். அறிக்கையின் நீண்ட வாக்கியம் அப்படியே நீண்ட தமிழ் வாக்கியமாகும். அதே பிரதி இணையத்துக்கும் திரையின் கீழே ஓடும் வரிக்கும் வாசிப்பவருக்கும் போகும். கண்ணுக்கு எழுதியதைக் காதுக்குக் கொடுக்கிறோம். குற்றம் ‘உள்ளது’, ‘உள்ளனர்’ என்ற முடிவுகளில் இல்லை.

ஆகவே மூன்றாவது வடிவம் ஒன்றை எழுதினேன். வினைமுடிவுகள் எழுத்துத் தமிழ். வாக்கியம் அமையும் விதம் மட்டும் நாம் பேசும் விதம்:

“அரசாங்கம் மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தலை வெளியிட்டது. வடக்கில் நான்கு மாவட்டங்களில் உள்ள சில காணிகள் அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. அந்தக் காணிகளின் உரிமையாளர்கள் மூன்று மாதங்களுக்குள், அதாவது ஜூன் மாத இறுதிக்கு முன்னர், தமது உரிமையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவை அரச காணிகளாக அறிவிக்கப்படும்.”

மாமிக்கு இதை ஒரு தடவைதான் வாசித்தேன். “அப்ப வாற மாதம் முடியிறதுக்குள்ள போகவேணும்” என்றார். நண்பி யாழ்ப்பாணச் செய்தி என்று சொல்லவில்லை. அண்ணா, “இது டிவி செய்திதானே, எங்க வந்தது?” என்று கேட்டார். மூன்று பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், யாரும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டு, யார், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் பிரதியில் பிழை, கேட்டவரில் அல்ல.

‘வர்த்தமானி’ என்ற சொல்லை நான் எடுக்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போய், “அந்தக் காணி வர்த்தமானி” என்று கேட்டால்தான் மாமிக்குப் பதில் கிடைக்கும். அலுவலகத்தில் சொல்ல வேண்டிய சொல்லைச் செய்தி ஒளித்துவிடக் கூடாது. அதைச் சுற்றியுள்ள வாக்கியம் இலகுவாக இருந்தால் கடினமான ஒரு சொல்லைக் கேட்பவர் தாங்கிக்கொள்வார்.

எழுத்துத் தமிழ் தோற்றுப்போகும் ஓர் இடம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய பின்னர், தாய்மார் ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுவதைப் பல தடவை பதிவுசெய்திருக்கிறேன். “என்ரை பிள்ளையை நான்தான் கையில பிடிச்சுக் குடுத்தனான்” என்று ஒரு தாய் சொல்வார். மேசையில் அது, “சரணடைந்த தனது மகன் காணாமல் போயுள்ளதாகத் தாயொருவர் தெரிவித்துள்ளார்” என்று மாறும். ‘குடுத்தனான்’ என்பதில் கொடுத்தவர் இருக்கிறார், கொடுத்தது நடந்தது என்ற உறுதி இருக்கிறது, அந்தப் பக்கம் வாங்கிக்கொண்ட ஒரு கையும் இருக்கிறது. ‘காணாமல் போயுள்ளதாக’ என்றதும் அந்தக் கை மறைந்துவிடுகிறது. மகன் தானாகவே எங்கோ போனதுபோல் ஆகிறது. தாய்மார் ‘போனோர்’ வேண்டாம், ‘ஆக்கப்பட்டோர்’ என்று சொல்லுங்கள் எனப் பிடிவாதமாக நிற்பதும் இதற்காகத்தான். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அலுவலகத்தின் பெயரில் இன்றும் ‘காணாமல் போன ஆட்கள்’ என்றுதான் இருக்கிறது.

சாட்சியம் சொல்பவரின் பேச்சை வாசிப்பவர் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அந்த ஒலித்துண்டை முழுதாகப் போடலாம். நேரம் இல்லாவிட்டால் அவருடைய ஒரு வாக்கியத்தையாவது அவருடைய சொல்லிலேயே விடலாம். வாசிப்பவர் நடுநிலையான தமிழில் சொல்லட்டும். அனுபவித்தவர் தன் தமிழில் சொல்லட்டும்.

மாமி அடுத்த கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போனார். நான் எழுதிய நான்கு வாக்கியங்களையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்தவர் அதை வாங்கி வாசித்துவிட்டு, “இது எந்தச் செய்தியில வந்தது அம்மா? விளக்கமா இருக்கு” என்று கேட்டாராம்.