சொற்றொடருக்குள் ஓர் எலும்புக்கூடு

'பிள்ளைகளின் தாய் வந்தாள்.'

இந்த வாக்கியத்தில் பிள்ளைகள் பல பேர், தாய் ஒருத்திதான். வினை 'வந்தாள்' என்று ஒருமையில் முடிகிறது. இப்போது சொற்களை இடம் மாற்றுவோம்: 'தாயின் பிள்ளைகள் வந்தார்கள்.' இரண்டு வாக்கியங்களிலும் அதே இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. ஆனால் வினை பன்மைக்கு மாறிவிட்டது. அப்படியானால், இரண்டு பெயர்களில் எதைப் பார்த்து வினை தன் முடிவை அமைத்துக்கொள்கிறது? கடைசியில் நிற்கும் பெயரைப் பார்த்துத்தான். 'பிள்ளைகளின் தாய்' என்ற தொடர் ஒரு தாயைப் பற்றியது. 'தாயின் பிள்ளைகள்' என்பது பிள்ளைகளைப் பற்றியது.

இப்படி ஒரு தொடர் எதைப் பற்றியது, எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யும் சொல்லைத் தலைச்சொல் என்போம். தலைச்சொல் பெயராக இருந்தால் முழுத் தொடரும் பெயர்போல நடக்கும். வினையாக இருந்தால் முழுத் தொடரும் வினைபோல நடக்கும். தலை இல்லாத தொடர் கிடையாது.

சில தலைச்சொற்கள் தனியே நின்றால் நமக்குக் குறையாகத் தோன்றும். 'கமலா வாசித்தாள்' என்றால் 'எதை?' என்று உடனே கேட்போம். 'பந்து மேலே இருக்கிறது' என்றால் 'எதற்கு மேலே?' என்போம். இந்தக் கேள்விக்கு விடையாக வரும் சொல்தான் நிரப்பி. 'கவிதை வாசித்தாள்' என்பதில் கவிதை நிரப்பி. 'மேசைக்கு மேலே' என்பதில் மேசைக்கு நிரப்பி. நிரப்பி தலைச்சொல்லை ஒட்டியே இருக்கும்.

மூன்றாவது உறுப்பின் பெயர் குறிப்பி. யார் செய்தது, யாருடையது என்பதுபோன்ற செய்தியைச் சொல்லி, தொடரை அது முழுமையாக்குகிறது. 'கமலா கவிதை வாசித்தாள்' என்பதில் கமலா குறிப்பி.

இந்த மூன்றையும் வைத்து ஒரு சோதனை செய்வோம். 'வாசித்தாள்' என்ற வினையை 'வாசிப்பு' என்ற பெயராக மாற்றுங்கள்:

கமலா – கவிதை – வாசித்தாள்
கமலாவின் – கவிதை – வாசிப்பு

முதலாவது வினைத்தொடர், இரண்டாவது பெயர்த்தொடர். வகை மாறிவிட்டது. ஆனால் குறிப்பி, நிரப்பி, தலை என்ற வரிசை அப்படியே இருக்கிறது. இரண்டாவது தொடரைக் கலைத்து 'கவிதை கமலாவின் வாசிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், காதில் உறுத்தும்.

'கவிதையைக் கமலா வாசித்தாள் என்று சொல்லலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 'ஐ' என்ற உருபு கவிதையின் மேல் ஓர் அடையாளம்போல ஒட்டிக்கொண்டிருப்பதால், அது முன்னால் போனாலும் வாசிக்கப்பட்டது எது என்று நமக்குத் தெரிகிறது. அடிப்படை வரிசையிலிருந்து நிரப்பி இடம்பெயர்ந்திருக்கிறது என்றே மொழியியலாளர் பலர் இதை விளக்குகிறார்கள்.

1970-ஆம் ஆண்டு நோம் சாம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட சோடிகளைத்தான் ஆராய்ந்தார். 'எதிரி நகரத்தை அழித்தான்' என்ற பொருள் தரும் ஆங்கில வாக்கியமும், அதையே பெயராக்கிய தொடரும் ஒரே அமைப்பில் இருப்பதை அவர் கவனித்தார். பெயருக்கு ஒரு விதி, வினைக்கு வேறொரு விதி என்று தனித்தனியே எழுதுவானேன்? எந்தச் சொல்வகையையும் X என்று வைத்துக்கொண்டு ஒரே விதியை எழுதினால் போதுமே! வௌவாலின் சிறகு, திமிங்கலத்தின் துடுப்பு, நம் கை ஆகியவை வெளியே எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரே எலும்பு அமைப்பைக் கொண்டவை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ரே ஜாக்கன்டாஃப் என்ற மொழியியலாளர் 1977-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இந்தக் கருத்துக்கு எக்ஸ்-பார் கோட்பாடு என்று பெயர்.

'பார்' என்பது X என்ற எழுத்தின் தலைமேல் போடும் கோடு. தலைச்சொல்லும் நிரப்பியும் முதலில் சேர்ந்து ஒரு நடுக்கட்டு ஆகின்றன. அந்த நடுக்கட்டைக் காட்டத்தான் கோடு. அதன் பிறகுதான் குறிப்பி வந்து சேர்கிறது. அடைப்புக்குறியில் எழுதினால் இப்படி இருக்கும்:

[கமலா [கவிதை வாசித்தாள்]]

உள்ளே இருக்கும் சிறிய அடைப்புதான் நடுக்கட்டு. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் அந்தக் கட்டு முழுவதற்கும் பதிலாக ஒரே தொடரை வைக்க முடியவேண்டும். வைத்துப் பார்ப்போம்.

'கமலா காலையில் கவிதை வாசித்தாள். முருகன் மாலையில் அதையே செய்தான்.'

முருகன் என்ன செய்தான்? கவிதை வாசித்தான். 'அதையே செய்தான்' என்பது நிரப்பியையும் தலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. குறிப்பியான கமலாவை விட்டுவிட்டது. காலையையும் விட்டுவிட்டது. இப்போது நிரப்பியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: 'முருகன் கதையை அதையே செய்தான்.' இப்படி நாம் யாரும் பேசமாட்டோம். 'அதையே' என்பதற்குள் கவிதை ஏற்கெனவே இருக்கிறது, கதைக்கு அங்கே இடம் இல்லை. நடுக்கட்டு இருப்பதற்கு இது ஒரு தடயம். இன்னொன்றும் தெரிகிறது. 'காலையில்' என்பது நிரப்பி அல்ல. அது வேண்டுமானால் சேரும், வேண்டாவிட்டால் விலகும். அதற்கு ஒட்டு என்று பெயர் வைக்கலாம்.

இனி மற்ற மொழிகளைப் பார்ப்போம். தமிழில் தலை கடைசியில் வரும்: 'மாம்பழம் தின்', 'மேசைக்கு மேலே'. ஆங்கிலத்தில் 'ஈட் எ மேங்கோ', 'ஆன் த டேபிள்' என்று தலை முந்திக்கொள்ளும். உறுப்புகள் அவையேதான், தலையும் நிரப்பியும் மட்டும் இடம் மாறி நிற்கின்றன. ஆனால் குறிப்பி மாறவில்லை. யார் தின்றது என்பதை இரு மொழிகளும் முன்னால்தான் சொல்கின்றன. ஜப்பானிய மொழி இதில் தமிழின் பக்கம்: 'ரிங்கோ ஓ தாபெரு' என்றால் 'ஆப்பிளைத் தின்' என்ற வரிசையே.

1963-இல் ஜோசப் கிரீன்பர்க் என்ற மொழியியலாளர் 30 மொழிகளை ஒப்பிட்டார். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் 'மேலே', 'கீழே' போன்ற சொற்களையும் பெயருக்குப் பின்னால்தான் பெரும்பாலும் வைக்கின்றன என்று கண்டார். 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள். பாரசீக மொழியில் வினை கடைசியில் வருகிறது, ஆனால் 'மேல்' என்ற பொருள் தரும் சொல் பெயருக்கு முன்னால் வருகிறது. மடகாஸ்கர் தீவின் மலகாசி மொழியில் செய்தவர் பெயர் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. உறுப்புகள் எல்லா மொழிக்கும் பொது என்றாலும், அவை நிற்கும் திசையை ஒவ்வொரு மொழியும் தன் வழியில் அமைத்துக்கொள்கிறது.

கோட்பாடும் அப்படியே நின்றுவிடவில்லை. தலைக்கு மேல் மூன்று அடுக்குகள் வேண்டும் என்றார் ஜாக்கன்டாஃப். பின்னால் வந்தவர்கள் இரண்டே போதும் என்றார்கள். நிரப்பியோ குறிப்பியோ இல்லாத இடத்தில் வெற்று அடுக்கு எதற்கு என்று சாம்ஸ்கியே 1990-களில் அவற்றைக் கழித்துவிட்டார். தலை, நிரப்பி, குறிப்பி என்ற மூன்று பெயர்களும் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

உங்கள் பாடநூலிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுங்கள். முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள், அதுதான் தலை. அடுத்து 'எதை?' என்று கேளுங்கள், பிறகு 'யார்?' என்று கேளுங்கள். 'எப்போது', 'எங்கே' என்பவை நிரப்பியா ஒட்டா என்று சந்தேகம் வந்தால், 'அதையே செய்தான்' சோதனையைப் போட்டுப் பாருங்கள்.