படுவான்கரையில் ஒரு புத்தகக் கடைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

உன்னிச்சைக் குளத்துப் பக்கம் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் நானூறு ஐந்நூறு பழைய புத்தகங்களை அடுக்கி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்க விரும்பியவர் வாங்கலாம், மற்றவர் இரவல் எடுத்துப் போகலாம், இருந்து தேத்தண்ணி குடித்தபடி புரட்டியும் பார்க்கலாம். பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது?

முதலில் நினைவுக்கு வருவது 'புத்தகசாலை'. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை அந்தச் சொல்லுக்குப் பெரிய மதிப்பைத் தேடித் தந்திருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் புத்தகசாலை என்றால் அப்பியாசக் கொப்பியும் பிரிஸ்டல் போர்டும் விற்கும் இடம். வருபவர் வாசலில் நின்று வேண்டியதைக் கேட்பார், காசைக் கொடுப்பார், போய்விடுவார். உள்ளே நுழைந்து தட்டுகளைத் துழாவலாம் என்ற எண்ணமே அவருக்கு வராது. 'நூலகம்' என்றால் வேறு தடை: அங்கத்துவ அட்டை, பிணை, சத்தம் போடாதே. 'வாசிகசாலை' என்ற சொல்லில் அன்னியோன்னியம் இருந்தாலும், அது பத்திரிகையை இலவசமாகப் பார்க்கும் பொது இடம். அங்கே விலை கேட்பதும் சொல்வதும் இரு பக்கமும் கூச்சமாக இருக்கும். 'அறிவுச்சோலை' மாதிரிப் பெயர்களை ரியூசன் வகுப்புகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆகவே பொதுப் பெயரை விட்டு, ஊர்ப் பேச்சில் தேடுவது நல்லது. மட்டக்களப்பில் 'பிறகு', 'திரும்பவும்' என்பதற்கு 'மறுகா' என்கிறோம். கை மாறி வரும் புத்தகத்துக்கும் திரும்பி வரும் வாசகருக்கும் இந்த ஒரே சொல் பொருந்துகிறது. போகிறவரிடம் 'மறுகா வாங்க' என்று சொல்வது அழைப்பாகவும் இருக்கும், கடையின் பெயராகவும் இருக்கும்.

இதிலும் சிக்கல் உண்டு. இதே பெயரில் மட்டக்களப்பில் இருந்து ஒரு சிற்றிதழ் வந்திருக்கிறது. இலக்கியம் வாசிப்பவர்கள் அதன் கடையா என்று கேட்பார்கள். வெளியூரார் 'மறுகுதல்' என்ற கலக்கத்தோடு குழப்பிக்கொள்ளலாம். வரைபடத்தில் தேடுபவருக்கு ஆங்கில எழுத்தில் Maruka, Maruga என்று இரண்டு வழி இருக்கிறது; ஒன்றைத் தீர்மானித்து எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும். எந்தப் பெயரானாலும் பலகை எழுதுமுன் தொலைபேசியில் ஒருவரிடம் ஒரு தடவை மட்டும் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அவர் பிழையாக எழுதினால் பெயரை மாற்றுவது மலிவு.

'படுவான்' என்றும் வைக்கலாம். வாவிக்கு மேற்கே சூரியன் படும் கரை என்பதால் படுவான்கரை; வயல் வேலை முடிந்து ஆட்கள் ஓய்ந்திருக்கும் நேரமும் அதுதான். எழுவான்கரையில் அந்தச் சொல்லைச் சிலர் ஏளனமாகச் சொல்வது உண்டு என்பதற்காகவே அதை வைக்கலாம் என்பது என் கட்சி. ஊர்ப் பெயரையே வைத்தாலோ, நகரத்தில் உள்ளவருக்கு உன்னிச்சை என்றதும் ஞாபகம் வருவது குழாய்த் தண்ணீர்தான்.

இப்படியான பெயர் தனியாக நிற்காது. கீழே ஒரு வரி வேண்டும். சென்னையில் 1955 முதல் நடக்கும் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியைப் பாருங்கள். 'ஈஸ்வரி' புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஆனால் வாயில் நிற்கிறது; வேலையைச் சொல்வது பின்னால் வரும் இரண்டு சொற்கள். பாரிஸில் 1915இல் அத்ரியன் மொனியே திறந்த இரவல் நூலகக் கடைக்கு 'நூல் நண்பர்களின் வீடு' என்று பொருள்படும் பெயர். வீடு என்றால் உள்ளே வரத் தயங்க மாட்டார்கள்.

அந்தக் கீழ் வரியில் 'பழைய புத்தகம்' என்று எழுதினால் நிறுத்து விற்கும் கடதாசிக் கட்டுகளோடு ஆட்கள் வருவார்கள். 'பாவித்த' என்பது மோட்டார் சைக்கிளுக்குச் சரி. 'வாசித்த புத்தகங்கள், இரவல், தேத்தண்ணி' என்பது போதும். 'இரவல்' கேட்கக் கூச்சமான சொல் என்பார்கள்; ஆனால் நூலகங்களில் 'இரவல் வழங்கும் பகுதி' என்று பார்த்துப் பழகியவர்களுக்கு அது உறுத்தாது.

சொந்தப் பெயர் அல்லாத பெயரில் வியாபாரம் செய்தால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். பலகைக்குக் காசு கொடுக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்துவிடுங்கள். தேத்தண்ணி விற்பதற்குப் பிரதேச சபையின் அனுமதி தனி.

திறந்து ஒரு மாதம், வாசலில் நின்று கேட்கப்படும் முதல் கேள்வியை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். 'போட்டோக்கொப்பி எடுக்கலாமா?' என்பதே அதிகம் என்றால் கீழ் வரியைத் திருத்த வேண்டும். 'உள்ளுக்கு வந்து பார்க்கலாமா?' என்று கேட்டால் பெயர் பாதி வேலையைச் செய்துவிட்டது. மீதிக்குக் கதவருகே ஒரு வாங்கு போடுங்கள்.