வாயசைவுக்கு ஏற்ற வசனம்

இந்தியில் எடுத்த 30 விநாடி விளம்பரம் தமிழில் ஒளிபரப்பாகும் முன், அதை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். பிறகு தமிழ்க் குரலோடு. கடைசியில் எழுத்துகளைப் படித்தபடி. மொழிபெயர்ப்பை ஸ்கிரிப்டிலேயே சரிபார்த்துவிடலாம். அது படத்தோடு சேருகிறதா என்பது திரையில்தான் தெரியும்.

ஒரு டீத்தூள் விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். க்ளோசப்பில் ஒரு பெண் தோழியிடம் "பஸ், ஏக் சம்மச்" என்கிறாள். "ஒரு ஸ்பூன் போதும்" என்பது சரியான தமிழ்தான். ஆனால் இந்தி வரியில் 'ப'வுக்காகத் தொடக்கத்திலேயே உதடு மூடுகிறது. பிறகு கடைசிச் சொல்லின் நடுவில், 'ம்ம'வுக்கு மறுபடி மூடுகிறது. தமிழ் வரியோ திறந்த வாயில் தொடங்கி, மூடிய உதட்டில் முடிகிறது. "போதும், ஒரு ஸ்பூன்" என்று மாற்றினால் தொடக்கம் சேரும், நடுவில் வரும் 'ம்' இடிக்கும். "பாரு, ஒரே ஸ்பூன்" என்றால் 'பா'வும் 'பூ'வும் ஏறக்குறைய அதே இடங்களில் விழும். பொருளும் கெடாது.

இவ்வளவு பாடு க்ளோசப்புக்குத்தான். அவள் தூரத்தில் நின்றோ முதுகைக் காட்டியோ பேசினால் உதடு தெரியாது. அங்கே இயல்பான தமிழுக்கே முதலிடம்.

நேரக் கணக்கும் உண்டு. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. வாய் திறக்கும் முன்பே குரல் வந்துவிட்டால் பார்ப்பவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். சற்றுப் பிந்தி வந்தால் அவ்வளவாக உறுத்தாது. சந்தேகம் வந்தால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, உதடு ஒட்டும் ஃபிரேமைப் பிடிக்க வேண்டும்.

சப்டைட்டிலில் வரும் சிக்கல் வேறு. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "இதில் செயற்கை நிறம்" என்ற பாதி டீத்தூள் பாக்கெட்டின் மேலும், "சேர்க்கப்படவில்லை" என்ற மீதி அடுத்த காட்சியிலும் விழுந்தால், பாக்கெட்டைப் பார்க்கும் அந்த நொடியில் அர்த்தமே தலைகீழாகிறது. போனில் ஒலியில்லாமல் பார்ப்பவருக்குத் திருத்திச் சொல்லக் குரலும் இருக்காது. "செயற்கை நிறம் இல்லை" என்று சுருக்கி, பாக்கெட் தெரியும்போதே முழுவதும் காட்டிவிடுவதுதான் வழி.

எடிட்டிங் திரையில் 12:10 என்றிருந்தால், 12 விநாடியும் 10 ஃபிரேமும் என்று பொருள். சப்டைட்டில் கோப்பில் அதை 00:00:12,400 என்று எழுத வேண்டும். 12,100 என்று எழுதினால் எழுத்து 0.3 விநாடி முந்திவிடும். பேசுபவர் சொல்லும் முன்பே, சில சமயம் காட்சி மாறும் முன்பே, திரையில் வந்து நிற்கும்.

திருத்தக் குறிப்பில் 'சிங்க் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த நேரம், இப்போது என்ன இருக்கிறது, அதற்குப் பதில் என்ன வரி என்ற மூன்றையும் எழுதுங்கள். குரல் கலைஞர் ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டும்.