வர்க்கப்படுத்தியபோது நுழைந்த விடை

தேர்வு முடிந்த இரவு, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வினாத்தாளை மீண்டும் விரிக்கிறாள். உறுத்திய கணக்கு இதுதான்: √(x + 6) = x. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் x² − x − 6 = 0; காரணிப்படுத்தினால் (x − 3)(x + 2) = 0. 3, −2 இரண்டையும் விடையாக எழுதிவிட்டு வந்திருக்கிறாள். படிகளில் எங்கும் கணக்குப் பிழை இல்லை.

ஆனாலும் −2-ஐ முதல் சமன்பாட்டிலேயே பிரதியிட்டுப் பார்க்கிறாள். இடப்பக்கம் √4, அதாவது 2. வலப்பக்கமோ −2. பொருந்தவில்லை!

காரணம் நுட்பமானது. 2, −2 இரண்டின் வர்க்கமும் 4 என்பதால், வர்க்கப்படுத்தும்போது குறி வேறுபாடு அழிந்துவிடுகிறது. ஆனால் √ குறி ஒருபோதும் குறை எண்ணைத் தராது. வர்க்கப்படுத்திய சமன்பாட்டில் சோதித்தால் −2 சரியாகவே தெரியும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் ஏமாறுவது இங்கேதான். மூலச் சமன்பாட்டில் தேறுவது 3 மட்டுமே: √9 = 3.